இரண்டு யாகி, ஒரே தாரை: வாவிக்கு அக்கரையிலிருந்து வரும் மைமோ

கேள்வி: "எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில். 4ஜி கோபுரம் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தூரத்தில் நேரே தெரிகிறது. ரவுட்டர் வீட்டுக்குள் இருந்தபோது RSRP -102, SINR 16, வேகம் 42 மெகாபிற்று. கூரையில் 8 மீற்றர் உயரக் குழாயில் இரண்டு யாகி அன்ரெனாக்களை நிமிர்த்திப் பூட்டினேன். இப்போது RSRP -84, SINR 26. ஆனால் வேகம் 31 தான். மைமோ என்றால் இரண்டு மடங்கு வேகமா, அல்லது சிக்னல் அறுந்துபோகாமல் இருக்கும் உறுதியா? இரண்டில் எது எனக்குக் கிடைக்கிறது?"

மைமோ என்பது இரு முனைகளிலும் பல அன்ரெனாக்களை வைத்து அனுப்பி வாங்கும் முறை. RSRP வந்துசேரும் சிக்னலின் வலு, SINR அது இரைச்சலையும் குறுக்கீட்டையும்விட எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறது என்பது. இப்போதுள்ள நிலையில் இரண்டு மடங்கு வேகம், உறுதி இரண்டுமே உங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது மூன்றாவது ஒன்று: இரண்டு அன்ரெனாக்கள் ஒரே சிக்னலைச் சேர்த்து வாங்குவதால் வரும் வலுக்கூடுதல், அதிகம் போனால் இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபெல். யாகிகளை நீங்கள் நிமிர்த்திப் பூட்டியதாகச் சொல்கிறீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் காரணத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். வானொலி இணைப்புகளைத் திட்டமிடும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். இதே நிலையை வயல்வெளி நடுவே ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே பூட்டியவர்கள் ரவுட்டரை இரண்டு முறை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். அன்ரெனாவை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

கோபுரத்தில் இருக்கும் பலகை அன்ரெனாவிலிருந்து தொடங்குகிறேன். இன்று பெரும்பாலான பலகைகளுக்குள் இரண்டு வரிசைக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒன்று வலப்பக்கம் 45 பாகை சாய்ந்தது, மற்றது இடப்பக்கம் 45 பாகை சாய்ந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாலும் அவற்றின் அலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன. பௌதிகவியலில் முனைவாக்கம் என்று படித்தது இதுதான். வலச்சாய்வு வரிசையில் ஒரு தரவுத் தாரையும் இடச்சாய்வு வரிசையில் வேறொரு தரவுத் தாரையும் ஒரே நேரத்தில், ஒரே மீடிறனில் அனுப்பினால் அதுதான் ஸ்பேஷியல் மல்ட்டிபிளெக்சிங். இரண்டிலும் ஒரே தரவை, மாற்றி அடுக்கி அனுப்பினால் அது டைவர்சிட்டி. ஒரு பாதை நலிந்தாலும் மற்றது கைகொடுக்கும் என்பது அதன் எண்ணம். இரண்டு அன்ரெனாக்களிலிருந்து இப்படி அனுப்பும் எளிய முறையை அலமௌட்டி என்ற ஆய்வாளர் 1998இல் வெளியிட்டார். 4ஜியில் அதன் ஒரு வடிவம் இன்றும் வேலை செய்கிறது.

இனி உங்கள் கூரையைப் பாருங்கள். நிமிர்ந்த யாகி, அதாவது கம்பிகள் செங்குத்தாக நிற்கும் யாகி, 45 பாகை சாய்ந்த அலையின் வலுவில் பாதியை வாங்கும். வீச்சில் சொன்னால் 0.707 மடங்கு. வலச்சாய்வு அலையிலிருந்தும் அதே 0.707, இடச்சாய்வு அலையிலிருந்தும் அதே 0.707. முதல் யாகிக்கு வருவது இரண்டு தாரைகளின் கூட்டு. இரண்டாவது யாகியும் நிமிர்ந்தே நிற்பதால் அதற்கு வருவதும் அதே கூட்டு. இதை உயர்தர வகுப்பில் செய்த ஒருங்கமை சமன்பாடுகளாக எண்ணிப் பாருங்கள். முதல் யாகி `x1 + x2 = 7` என்கிறது, இரண்டாவதும் `x1 + x2 = 7` என்கிறது. இரண்டு சமன்பாடுகள் எழுதியிருந்தாலும் கையில் இருப்பது ஒன்றுதான். x1, x2 இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுக்க எந்த ரவுட்டராலும் முடியாது. எத்தனை விலைக்கு வாங்கியது என்பது இங்கே பொருட்டே அல்ல.

ஒவ்வொரு யாகியும் ஒவ்வொரு சாய்வையும் எவ்வளவு கேட்கிறது என்ற இந்த நான்கு எண்களையும் ஒரு தாயமாக எழுதினால், இந்தியப் பாடநூல்கள் சொல்வதுபோல் ஓர் அணியாக எழுதினால், உங்கள் நிலை இப்படி இருக்கும்:

```
H = 0.707 × | 1  1 |
            | 1  1 |
```

இதன் துணிகோவை பூச்சியம். தனித்து நிற்கும் வரிசைகளின் எண்ணிக்கை ஒன்று. அந்த எண்ணிக்கையைக் கணிதத் தமிழில் தரம் என்பார்கள். தரமானது, தரமற்றது என்ற வேறு பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நான் ராங்க் என்றே எழுதுகிறேன். உங்கள் தாயத்தின் ராங்க் 1. ஆகவே தாரையும் ஒன்று. ஒரு யாகியைப் பக்கவாட்டில் ஒரு மீற்றர் நகர்த்தினால் என்ன ஆகும் என்று பலர் கேட்பார்கள். இரண்டு சாய்வு வரிசைகளும் கோபுரத்தில் ஒரே இடத்தில் இருப்பதால், நகர்த்தும்போது இரண்டு அலைகளின் அவத்தையும் சமமாகவே மாறுகிறது. அதாவது தாயத்தில் அந்த யாகிக்குரிய வரிசை முழுவதும் ஒரே சிக்கலெண்ணால் பெருக்கப்படுகிறது. `2·x1 + 2·x2 = 14` என்று எழுதுவதால் புதிய சமன்பாடு கிடைப்பதில்லை அல்லவா? அப்படித்தான்.

சாய்வை மாற்றாமல் தூரத்தால் மட்டும் ராங்கைக் கூட்ட முடியுமா என்றால், கொள்கையில் முடியும். அதற்குக் கோபுரத்திலும் இரண்டு அன்ரெனாக்கள் விலகி நிற்க வேண்டும். அங்குள்ள இடைவெளியையும் இங்குள்ள இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண், அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி 2ஆல் வகுத்ததற்குச் சமமாக இருந்தால் இரண்டு பாதைகளும் முழுமையாகப் பிரியும். 1800 மெகாஹேர்ட்சில் அலைநீளம் 16.7 சென்ரிமீற்றர். 4000 மீற்றரால் பெருக்கிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 333 வருகிறது. கோபுரத்தில் 2 மீற்றர் இடைவெளி இருந்தால் உங்கள் பக்கத்தில் ஏறத்தாழ 167 மீற்றர் வேண்டும். இரண்டாவது யாகியை இரண்டு வளவு தாண்டி யாரோ ஒருவரின் தென்னையில் கட்ட வேண்டிவரும். வெட்டவெளியில் கண்ணுக்கு நேரே தெரியும் கோபுரம் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வலுவுக்கு அது நல்லதுதான். ராங்குக்கு அது வறுமை. எல்லாச் சக்தியும் ஒரே திசையில் வருகிறது, பிரித்தறிய எதுவும் இல்லை.

வீட்டுக்குள் இருந்தபோது நிலைமை வேறு. அலை ஜன்னலால் நுழைகிறது, கூரை இடுக்கால் நுழைகிறது, சுவரிலும் அலுமாரியிலும் தெறிக்கிறது. ஒவ்வொரு தெறிப்பிலும் சாய்வு சற்றுக் குழம்புகிறது. ரவுட்டருக்குள் உள்ள இரண்டு அன்ரெனாக்களும் வெவ்வேறு வாட்டத்தில் பொருத்தப்பட்டவை. அதனால் ஒன்று கேட்ட கலவையும் மற்றது கேட்ட கலவையும் வேறுவேறாக இருந்தன. ஒன்று `x1 + x2 = 7` என்றது, மற்றது கிட்டத்தட்ட `x1 - x2 = 1` என்றது. விடை 4, 3 என்று பிரிந்துவிட்டது. சிக்னல் நலிந்திருந்தாலும் தாரை இரண்டாக இருந்தது.

ஆனால் ராங்க் என்பதை 1 அல்லது 2 என்ற முழு எண்ணாக மட்டும் எண்ணினால் தவறிவிடுவோம். நிஜ உலகில் அளந்த எந்தத் தாயத்தின் துணிகோவையும் சரியாகப் பூச்சியமாக இராது. கணித ராங்க் எப்போதும் 2 என்றே வரும். `x1 + x2 = 7`, `x1 + 1.05·x2 = 7.15` என்ற சோடியை எடுத்துக்கொள்ளுங்கள். விடை x2 = 3. இப்போது இரண்டாவது அளவீட்டில் இரைச்சலால் 0.1 மட்டும் பிழை ஏற்பட்டு 7.25 ஆகிறது என்று வையுங்கள். x2 உடனே 5 ஆகிவிடுகிறது. சிறிய இரைச்சல் இருபது மடங்காகப் பெருகிவிட்டது. இப்படிப்பட்ட தாயத்துக்கு ராங்க் 2 என்று ஏட்டில் எழுதலாம். பயனில் அது 1தான். இரண்டாவது தாரை இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பதே கேள்வி. அந்த முடிவை எடுத்துக் கோபுரத்துக்குச் சொல்வது உங்கள் ரவுட்டர். அது அனுப்பும் எண்ணைச் சில ரவுட்டர்களின் நிலைப் பக்கத்தில் RI என்ற பெயரில் காணலாம்.

இரண்டு தாரை எப்போதுமே மேலானது என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் கூரையையே வைத்துக் கணக்கிடுவோம். அலையின் அதே சாய்வில் உள்ள யாகி கோபுரத்தின் முழு வலுவையும் வாங்கினால் சிக்னல் இரைச்சலைவிட ρ மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு யாகிகளும் நிமிர்ந்திருந்து, கோபுரமும் அலைகளை ஒத்திசைத்து அனுப்பினால், ஒரு ஹேர்ட்சுக்கு ஒரு செக்கனில் போகக்கூடிய பிற்றுகளின் உச்சம் `log2(1 + 2ρ)`. யாகிகளைக் கோபுரத்தின் சாய்வுக்கேற்ப எதிரெதிராக 45 பாகை சரித்தால் வலு இரண்டு தாரைக்கும் பாதிபாதியாகப் பிரிகிறது. உச்சம் `2·log2(1 + ρ/2)`. ρ = 100 என்றால் முதலாவது 7.65, இரண்டாவது 11.34. ρ = 4 என்றால் இரண்டும் சரியாக 3.17. ρ = 1 என்றால் முதலாவது 1.58, இரண்டாவது வெறும் 1.17. அதாவது சிக்னல் மெலிந்த இடத்தில் இருக்கும் வலுவைப் பிரிப்பது நட்டம், ஒரே தாரையில் குவிப்பதே இலாபம். 6 டெசிபெலுக்கு மேலே போனதும் நிலைமை தலைகீழாகிறது. மடக்கையின் இயல்பு அது. மேலே போகப்போக வலுவை இரட்டித்தாலும் ஒரு பிற்றுதான் கூடும். தாரையை இரட்டித்தால் எல்லாமே ஏறத்தாழ இரட்டிக்கும்.

உங்கள் SINR 26, அதாவது 400 மடங்கு. இரண்டு தாரையின் நிலத்தில் வெகுதூரம் உள்ளே நிற்கிறீர்கள். இதோடு இன்னொரு தடையும் சேர்கிறது. 4ஜியில் நீண்டகாலம் பயன்பட்டுவந்த உச்சப் பண்பேற்றத்தில் ஒரு தாரை ஏறத்தாழ 5.5 பிற்றுக்கு மேல் சுமக்காது. 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில், கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் காவல் இடைவெளிக்கும் போனது போக, அது ஏறத்தாழ 75 மெகாபிற்று. இரண்டு தாரைக்கு 150. இதைவிட அடர்த்தியான பண்பேற்றத்தைக் கோபுரமும் ரவுட்டரும் ஆதரித்தால் இந்த உச்சவரம்பு சற்று உயரும், ஆனால் வரம்பு இல்லாமல் போகாது. ஒரு தாரை நிரம்பிய பிறகு கூடுதல் வலு வழிந்தோடும் நீர்தான். வீட்டுக்குள் SINR 16இல் இரண்டு தாரைகள், ஒவ்வொன்றும் 5.5க்குக் குறைவாக, சேர்ந்து ஏழு எட்டுப் பிற்றுகளைக் கொண்டுவந்தன. கூரையில் ஒரு தாரை நிரம்பி 5.5இல் நின்றுவிட்டது. 42க்கும் 31க்கும் உள்ள விகிதம் இந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. உச்சத்துக்கும் நீங்கள் காணும் எண்களுக்கும் உள்ள பெரிய இடைவெளிக்குக் காரணம், அந்தக் கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்வதுதான்.

டைவர்சிட்டியும் ஏன் கிடைக்கவில்லை என்பதை இனிச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பரவலான குழப்பம் இருக்கிறது. ராங்க் 1 என்றால் டைவர்சிட்டி கிடையாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. கோபுரத்தில் ஓர் அன்ரெனா, உங்களிடம் இரண்டு என்றால் ராங்க் எப்போதும் 1தான். ஆனாலும் இரண்டு அன்ரெனாக்களும் வெவ்வேறு நேரங்களில் நலிவுற்றால் டைவர்சிட்டி முழுமையாகக் கிடைக்கும். மல்ட்டிபிளெக்சிங் கேட்பது, இந்தக் கணத்தில் இந்தத் தாயத்தில் தனித்த வரிசைகள் எத்தனை என்பது. டைவர்சிட்டி கேட்பது, காலப்போக்கில் இந்த எண்கள் ஒன்றைச் சாராமல் ஒன்று ஏறி இறங்குகின்றனவா என்பது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். டைவர்சிட்டி ஒரு படி கூடினால் பிழை எப்படிக் குறைகிறது என்பதைப் பாருங்கள். ஒரே பாதையில் சிக்னலைப் பத்து மடங்காக்கினால் பிழையின் நிகழ்தகவு பத்தில் ஒன்றாகும். சுயாதீனமான இரண்டு பாதைகளில் அதே பத்து மடங்குக்கு நூறில் ஒன்றாகும். உங்கள் கூரையிலோ இரண்டு யாகிகளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே அலையைக் கேட்கின்றன. ஒன்று நலியும்போது மற்றதும் நலியும். சுயாதீனம் இல்லாத இடத்தில் அலமௌட்டி முறையால் காப்பாற்ற எதுவும் இல்லை.

வாவிக்கரையில் நலிவு எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோபுரத்திலிருந்து ஓர் அலை நேரே வருகிறது. இன்னொன்று தரையிலோ நீரிலோ தெறித்து வருகிறது. மிகத் தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும்போது அலை ஏறத்தாழத் தலைகீழாகப் புரளும். ஆகவே இரண்டு பாதைகளின் நீள வித்தியாசம் பூச்சியமாகவோ முழு அலைநீளமாகவோ இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அரை அலைநீளமாக இருந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். இந்த வித்தியாசம் இரண்டு உயரங்களின் பெருக்கத்தை இரட்டித்துத் தூரத்தால் வகுத்தது. பலகை 40 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். உங்கள் 8 மீற்றருக்கு வித்தியாசம் 16 சென்ரிமீற்றர். அலைநீளம் 16.7. கிட்டத்தட்ட சரியாகப் பள்ளத்தில் பூட்டியிருக்கிறீர்கள். 4.2 மீற்றர் உயரத்தில் அது அரை அலைநீளம், அதாவது மேடு. நேர்ப்பார்வையில் 4 கிலோமீற்றருக்கு, யாகியோடு, -75க்கு அருகே வரும் என்றுதான் நான் எதிர்பார்த்திருப்பேன். உங்களுக்கு வந்திருப்பது -84. கேபிள் இழப்பும் கோபுரப் பலகையின் கீழ்நோக்கிய சரிவும் இதில் ஒரு பங்கு எடுத்திருக்கலாம். ஆனால் பள்ளம் என்ற சந்தேகம் எனக்கு வலுவாக இருக்கிறது. பலகையின் உண்மையான உயரத்தை அறிந்தால்தான் அது உறுதியாகும்.

தெறிக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்பதையும் கணக்கிடலாம். இதே உயரங்களுக்கு அது உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 670 மீற்றரில் இருக்கும். அந்த இடம் வாவியா வயலா என்பது உங்களுக்குத்தான் தெரியும். வாவி என்றால் மாரியில் நீர்மட்டம் உயரும்போதும் முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீர் வடியும்போதும் மேடும் பள்ளமும் இடம் மாறும். வயல் என்றால் பெரும்போகத்தில் நீர் நிற்கும் விதைப்பு நாட்களில் ஒரு கண்ணாடி, கதிர் முற்றிய நாட்களில் வேறொரு பரப்பு. மாதத்துக்கு மாதம் சிக்னல் மாறுகிறது என்று படுவான்கரையில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இப்படி நடக்க இடமுண்டு என்பது நிச்சயம்.

இந்தப் பள்ளத்துக்கு எதிரான காப்பு உயர வித்தியாசம். ஒரு யாகியை 8 மீற்றரிலும் மற்றதை 4 மீற்றரிலும் நிமிர்த்திப் பூட்டினால் ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும். நீர்ப்பரப்புக்கு மேலே போகும் நுண்ணலை இணைப்புகளில் ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு வட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் நோக்கம் இதுதான். இது அசல் டைவர்சிட்டி. ஆனால் ராங்க் இன்னும் 1தான். ஏனென்றால் இரண்டு யாகிகளும் வலச்சாய்வையும் இடச்சாய்வையும் ஒரே விகிதத்திலேயே கலந்து கேட்கின்றன. ஒன்று உரத்துக் கேட்கிறது, மற்றது மெல்லக் கேட்கிறது, கலவை ஒன்றுதான். இதற்கு மாறாக, ஒரே உயரத்தில் எதிரெதிராகச் சரித்தால் ராங்க் 2. ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தில் சேர்ந்தே இறங்கும். ஒரே இரண்டு யாகிகள், ஒரே கோபுரம். பூட்டும் விதத்தால் ஒன்று தாரையைத் தருகிறது, மற்றது காப்பைத் தருகிறது, நீங்கள் பூட்டிய மூன்றாவது விதம் இரண்டையும் விட்டுவிடுகிறது.

தெறிப்புகள் நிறைந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே பேரம் பேச இடமுண்டு. 2003இல் செங், சே என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பேரத்தின் எல்லையைத் துல்லியமாக வரைந்தார்கள். இரண்டுக்கு இரண்டு அன்ரெனாவில், வேகத்தைக் கூட்டாமல் முழுவதையும் காப்புக்குக் கொடுத்தால் டைவர்சிட்டி 4 வரை போகும். ஒரு தாரை அளவுக்கு வேகத்தை வளர்த்தால் 1 மிஞ்சும். இரண்டு தாரையையும் முழுமையாகக் கறந்தால் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் வீட்டின் உட்புறம் இந்தப் படத்துக்கு ஓரளவு நெருங்கியது. உங்கள் கூரை அப்படியல்ல. அங்கே பேரம் பேசுவதற்கு முன் சரக்கே வந்து சேர வேண்டும்.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் Band, Cell ID இரண்டும் வீட்டுக்குள் இருந்தபோது காட்டியவையே இப்போதும் காட்டுகின்றனவா என்று பாருங்கள். கூரைக்குப் போனதும் ரவுட்டர் வேறு அலைவரிசையைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதன் அகலம் குறைவாக இருந்தால், சிக்னல் உயர்ந்து வேகம் குறைவதற்கு அது ஒன்றே போதும். அப்படியானால் மேலே நான் சொன்ன விகிதக் கணக்கு உங்கள் விடயத்தில் தற்செயலாகிவிடும். அவை மாறவில்லை என்றால் RI காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் எளிய வழி ஒன்று இருக்கிறது. இரவு வெகுநேரம் கழித்து, கோபுரத்தில் நெரிசல் இல்லாத வேளையில், வேகத்தை அளந்துவிட்டு ரவுட்டரை நிறுத்தி ஒரு கேபிளைக் கழற்றி மீண்டும் அளவுங்கள். பூட்டி, கழற்றி, நான்கைந்து முறை மாறிமாறிச் செய்யுங்கள். வேகம் ஏறத்தாழப் பாதியாக விழுந்தால் இரண்டு தாரைகள் ஓடிக்கொண்டிருந்தன. அசையவே இல்லை என்றால் ஓடியது ஒன்றுதான். MAIN என்று குறித்த கேபிளைக் கழற்ற வேண்டாம். ரவுட்டர் அனுப்புவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். மற்றதைக் கழற்றுங்கள். கேபிளைக் கழற்றியதும் தானாக உள் அன்ரெனாவுக்குத் தாவும் ரவுட்டர்களும் உண்டு. அமைப்புப் பக்கத்தில் வெளி அன்ரெனா என்று கட்டாயப்படுத்திவிட்டுச் செய்தால் குழப்பம் வராது.

பிறகு திருப்புங்கள். கோபுரத்தைப் பார்த்து நின்று, ஒரு யாகியின் கம்பிகள் கடிகாரத்தில் ஒன்றரை மணியைக் காட்டும் பக்கமும் மற்றதன் கம்பிகள் பத்தரை மணியைக் காட்டும் பக்கமும் சாய வேண்டும். இரண்டும் கோபுரத்தையே நோக்கட்டும். அப்போது தாயம் இப்படி மாறும். மூலைகளில் உள்ள 0.1, யாகிகளின் சிறு கசிவு:

```
H = | 1    0.1 |
    | 0.1  1   |
```

ஒன்றை நிமிர்த்தி மற்றதைப் படுக்கையாக்கினாலும் ராங்க் 2 கிடைக்கும். அப்போது ஒன்று இரண்டு தாரைகளின் கூட்டையும் மற்றது கழித்தலையும் கேட்கும், ரவுட்டர் பிரித்துவிடும். நீர்ப்பரப்பு படுக்கை அலையையும் நிமிர்ந்த அலையையும் ஒரே அளவில் தெறிப்பதில்லை. படுக்கை அலையின் பள்ளம் கூடுதல் ஆழமாக இருக்கும். அதனால் இரண்டு தாரைகளும் சமமாகப் பாதிக்கப்படும் 45 பாகைச் சாய்வையே வாவிக்கரையில் நான் தேர்வேன். இரண்டு கேபிள்களும் ஒரே வகை, ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் 10 டெசிபெல் தின்றால் ராங்க் 2 ஆனாலும் இரண்டாவது தாரை நொண்டும்.

RI 2 ஆன பிறகு உயரத்துக்கு வாருங்கள். இரண்டு யாகிகளையும் ஒரே குறுக்குக் குழாயில் சரித்துக் கட்டி, அந்தக் குழாயையே 8 மீற்றரிலிருந்து அரை மீற்றர் அரை மீற்றராக 4 மீற்றர் வரை இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் RSRP, SINR, RI மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் மதிலோ மரமோ மறைக்காதவரை, பள்ளம் பற்றிய என் சந்தேகம் சரி என்றால் இறங்க இறங்க RSRP கூடும். கூடாவிட்டால் பலகையின் உயரத்தை நான் தவறாகக் கொண்டிருக்கிறேன், அல்லது உங்கள் முன்னால் உள்ள பரப்பு கண்ணாடிபோல் தெறிக்கவில்லை. அப்போது 8 மீற்றரிலேயே விட்டுவிடுங்கள். மாரியில் வயலில் நீர் ஏறியதும் அதே குறிப்பை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.